புகையை விட்ட பின் பசி ஏன் கூடுகிறது? நாக்கின் ருசி ஏன் மாறுகிறது?



புகைப்பழக்கத்தை விட்டவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து பேசும்போது, முதல் மாதத்தில் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "எந்த நேரமும் பசிக்கிறது." "வீட்டில் ஆணம் வைத்தால் உப்புக் கரிக்கிறது, உறைப்பு தாங்கவில்லை." "சட்டை இறுகிவிட்டது, இந்த உடம்புக்குப் புகையை விட்டது ஒத்துக்கொள்ளவில்லை." மூன்றாவதைச் சொல்கிறவர்களில் சிலர் அடுத்த வாரமே மறுபடி பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார்கள். சிகரெட்டின் மீது உள்ள ஆசையைவிட, தொப்பை விழுந்துவிடும் என்ற பயமே அவர்களைத் திருப்பி அனுப்புகிறது.

எனவே இம்மாதப் பாடத்தில் இந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பசி, ருசி, இனிப்பு ஆசை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வந்தாலும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எது எதனால் வருகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பது தெரிந்தால், எதற்கு என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

பசியை அடக்கி வைத்தது எது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்றொரு சிறிய பகுதி உண்டு. உடம்பின் வெப்பம், தாகம், பசி ஆகியவற்றை அது கவனித்துக்கொள்கிறது. அதில் ஒரு வகை நரம்பு செல்களின் வேலை, "வயிறு நிறைந்துவிட்டது, போதும்" என்று சொல்வது. நாம் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவை தூண்டப்படுகின்றன, நாமும் கையைக் கழுவ எழுந்துவிடுகிறோம்.

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் இதே செல்களைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் மூளைக்கு "போதும்" என்ற செய்தி போய்விடுகிறது. காலையில் ஒரு டீயும் ஒரு சிகரெட்டுமாகப் பதினொரு மணி வரை ஓட்டுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசி இருப்பதை மூளைக்குத் தெரியவிடாமல் நிக்கோட்டின் தடுத்து வைத்திருக்கிறது.

நிக்கோட்டினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது அட்ரினலின் சுரப்பைக் கூட்டுகிறது, இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்கிறது. சுவிட்சர்லாந்தில் நடந்து 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களை ஓர் அறையில் தங்கவைத்து அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தியை அளந்தார்கள். 24 சிகரெட் பிடித்த நாளில், பிடிக்காத நாளைவிடச் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறத்தாழ 200 கலோரி, கூடுதலாகச் செலவானது. குறைவாகப் பிடிப்பவர்களுக்கு இது குறைவாக இருக்கும்.

இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஒரு நாள் போனால் மிச்சம் என்று சொல்ல அதிகம் இருக்காது. அப்போது "போதும்" என்ற பொய்ச் செய்தி நின்றுபோகிறது, கூடுதல் செலவும் நின்றுபோகிறது. உள்ளே வருவது கூடுகிறது, வெளியே போவது குறைகிறது. வருஷக்கணக்காக அமுக்கி வைத்திருந்த பசி தன் சொந்த அளவுக்குத் திரும்புகிறது. விட்ட புதிதில் அது அளவுக்கு மீறியும் தெரியும்.

இந்தப் பசிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தலைக்கிறுகிறுப்பு இரண்டு நாளில் போய்விடும். எரிச்சலும் படபடப்பும் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். பசி மட்டும் பத்து வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். புகையை விடுபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இது வருகிறது. "ஒரு மாதம் ஆகியும் பசி அடங்கவில்லையே, ஏதோ கோளாறு" என்று நினைக்க வேண்டியதில்லை. மற்றவை போன பிறகும் கடைசியில் தங்கிப் போகிற விருந்தாளி அது.

நாக்கும் மூக்கும் திரும்பும் கதை

ருசி மாறுவதற்கும் பசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது நாக்கும் மூக்கும் பழுது நீங்கி வருவதன் அடையாளம்.

நாக்கின் மேல் சிறு சிறு மொட்டுகள் போல் தெரிபவற்றுக்குள் சுவை அரும்புகள் இருக்கின்றன. புகையின் சூடும் அதில் உள்ள நச்சுப் பொருள்களும் தினமும் படப்பட, அந்த மொட்டுகள் தட்டையாகி, அவற்றுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைகிறது. அப்போது உப்பும் இனிப்பும் தெரிய வேண்டுமானால் சாப்பாட்டில் அவை கூடுதலாக இருக்க வேண்டியிருக்கிறது. புகைப்பவர் சாப்பிட உட்கார்ந்ததும், ருசி பார்க்கும் முன்பே உப்பு டப்பாவைத் தேடுவது இதனால்தான்.

சுவை அரும்பில் உள்ள செல்கள் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பழையன கழிந்து புதியன வருபவை. புகை நின்ற பிறகு பிறக்கும் செல்கள் புகை படாத சூழலில் வளர்கின்றன. எனவே இரண்டாவது வாரத்தில் பலருக்கு மாற்றம் தெரிய ஆரம்பிக்கிறது. நாக்கின் எல்லா இடமும் ஒன்றாகத் திரும்புவதில்லை. சில இடங்கள் இரண்டு வாரத்தில் தேறிவிடும், நாக்கின் பின்பகுதி இரண்டு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம்.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. வாயில் மெல்லும்போது உணவின் மணம் தொண்டை வழியாக மூக்கின் மேற்பகுதிக்குப் போகிறது. சளி பிடித்தபோது பிரியாணியும் சப்பென்று இருப்பது இதனால்தான். புகை இந்த மணம் பிடிக்கும் சவ்வையும் கெடுக்கிறது. அதுவும் மெல்லத் திரும்பும். மிக நீண்ட காலம் அதிகமாகப் புகைத்தவர்களுக்கு மூக்கு முழுவதும் திரும்ப வருஷங்கள்கூட ஆகலாம். ஆனாலும் முதல் சில வாரங்களிலேயே பட்டை, கிராம்பு, மல்லித்தழை இவற்றின் வாசம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிவதைப் பலர் உணர்கிறார்கள். தன் பழைய சட்டையில் உள்ள புகை நாற்றம் முதன்முதலாகத் தனக்கே தெரிவதும் இந்த நாட்களில்தான்.

இந்த இடத்தில் வீட்டில் சண்டை வர வாய்ப்பு உண்டு. "என்னங்க, இருபது வருஷமா போடுற அளவுதானே உப்பு போட்டேன், இன்னைக்கு மட்டும் எப்படிக் கரிக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் சொல்வது சரி. உப்பின் அளவு மாறவில்லை, நாக்குதான் மாறியிருக்கிறது. இதை இருவரும் தெரிந்துகொண்டால், ஆணத்தில் உப்பையும் மிளகாயையும் முன்பைவிடக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க இது நல்ல தருணம். மற்ற நேரத்தில் உப்பைக் குறைத்தால் சப்பென்று இருக்கும். இப்போது குறைத்தாலும் ருசி குறையாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது இரட்டை லாபம்.

ருசி கூடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நன்றாக இருக்கும் உணவை இன்னும் ஒரு பிடி சாப்பிடத் தோன்றும். ஏற்கெனவே பசி கூடியிருக்கிற நேரத்தில் சாப்பாடும் ருசிக்கத் தொடங்கினால் தட்டு இரண்டாவது முறை நிறைவது இயல்பு.

இனிப்பைத் தேடும் கை

மூன்றாவது, இனிப்பின் மேல் வரும் ஆசை. சிகரெட்டை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையைச் சேர்ந்து, மகிழ்ச்சி உணர்வைத் தரும் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பவருக்குப் பதினைந்து முறை இது நடக்கிறது. திடீரென்று அது நின்றதும் மூளை வேறு வழியைத் தேடுகிறது. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவு அதே பாதையைத் தூண்டும். அதனால்தான் வெள்ளரிக்காயைத் தேடாமல் கை ஜிலேபியைத் தேடுகிறது.

இதோடு வெறும் பழக்கமும் சேர்கிறது. ஒரு சிகரெட்டைப் பத்து முறை வாய்க்குக் கொண்டுபோனால், பதினைந்து சிகரெட்டுக்கு நூற்றைம்பது முறை கை வாய்க்குப் போகிறது. சிகரெட் இல்லாதபோது அந்தக் கையில் மிக்சர் பொட்டலமோ பிஸ்கட்டோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாடு முடிந்தது என்பதற்கு அடையாளமாக சிகரெட் பற்றவைத்தவருக்கு, இப்போது சாப்பாடு எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகிறது.

பசியா, ஆசையா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சிகரெட்டுக்கான தவிப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். பசி இறங்காது, கூடும். அப்புறம், "வெறும் இட்லி இருந்தால் சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி, சாப்பிட்டுவிடுங்கள். இட்லி வேண்டாம், லட்டு இருந்தால் பரவாயில்லை என்று தோன்றினால் அது நிக்கோட்டின் விட்டுப்போன இடம். அதற்கு ஏலக்காய், கிராம்பு, சோம்பு என ஏதாவது ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்க மிஸ்வாக் குச்சி மிகவும் நல்லது. புகையிலை கலந்த பாக்குப் பக்கம் மட்டும் போகக் கூடாது. அதில் இருப்பதும் அதே நிக்கோட்டின்தான். பசி அடங்கினாற்போல் இருக்கும், வாய்ப் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடும்.

யாரும் கவனிக்காத டீ

இந்தப் பாடத்தில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது டீயைப் பற்றி. சிகரெட்டை விட்டவர் முதலில் கூட்டிக்கொள்வது டீயைத்தான். அதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன். அதை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். புகையில் உள்ள தார் போன்ற பொருள்கள் அந்த வேலையை வேகப்படுத்தி வைத்திருக்கின்றன. அதனால் புகைப்பவர் ஆறு டீ குடித்தாலும் கஃபீன் சீக்கிரம் கழிந்துவிடும். புகை நின்ற சில நாட்களில் கல்லீரல் இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது அதே ஆறு டீ குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு நிற்கும். விளைவு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இவற்றைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று எண்ணி மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

இரண்டு, டீயில் போடும் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம், அது 20 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரையும் பாலும் சேர்ந்தால் ஒரு டம்ளர் டீ ஏறத்தாழ 70 கலோரி. சாப்பாடாக யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

எனவே விட்ட முதல் வாரத்திலேயே டீயையும் காபியையும் பாதியாக்கிவிட வேண்டும். அஸருக்குப் பிறகு குடிக்காமல் இருந்தால் தூக்கத்துக்கும் நல்லது.

ஒரு சகோதரரின் கணக்கு

நம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், வயது 44, தினம் பதினைந்து சிகரெட் பிடித்து வந்தவர். விட்ட நாள் முதல் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிலவற்றைக் குறித்து வைத்திருந்தார். பெயரில்லாமல் எழுதிக்கொள்ள அனுமதி தந்தார்.

முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும்தான், பசி பெரிதாக இல்லை. வழக்கமாக ஐந்து டீ குடிப்பவர் எட்டு குடித்தார். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை. நான்காம் நாளிலிருந்து காலை பதினொரு மணிக்கு வயிற்றைக் கிள்ளியது. முன்பு அந்த நேரத்தில் கடை வாசலில் நின்று புகைப்பார். எட்டாம் நாள் வாயில் இரண்டு புண். பத்தாம் நாள் வீட்டில் மீன் ஆணம் உப்பாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவைத்தார். அதே ஆணத்தைச் சாப்பிட்ட அவருடைய வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் உப்பு சரியாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் கடைப்பையனை அனுப்பி தினமும் ஏதாவது இனிப்பு வாங்கிவரச் சொன்னார். முப்பதாம் நாள் எடை பார்த்தார். 71 கிலோ இருந்தவர் 72 கிலோ 300 கிராம். "விட்டது தப்போ?" என்று கேட்டுக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

நோட்டை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பதினைந்து சிகரெட் நின்றதால் உடம்பு செலவழிக்காமல் விட்டது நாளொன்றுக்கு 100 கலோரி என்று வைத்தோம். கூடுதலாகக் குடித்த மூன்று டீ 200 கலோரிக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 300. முப்பது நாளுக்கு 9,000. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக அவருடைய எடையில் ஒரு கிலோவுக்கு மேல் இந்த இரண்டு வரியிலேயே வந்துவிட்டது. மிச்சத்துக்கு மூன்றாம் வார இனிப்பு பதில் சொல்லிவிடும். உடம்பு எந்த மர்மமும் செய்யவில்லை.

அவர் செய்த மாற்றங்கள் மூன்று. டீயை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிச் சர்க்கரை மட்டும் போட்டுக்கொண்டார். பதினொரு மணிப் பசியை அடக்கப் பார்க்காமல் அதற்கென்று ஒரு கிண்ணம் சுண்டல் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். அதில் புரதமும் நாரும் இருப்பதால் மதியம் வரை தாங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்பு சிகரெட் பிடித்த நேரத்தில், அரைமணி நேரம் நடந்தார். இனிப்பை அடியோடு விடவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டார். மூன்றாம் மாத முடிவில் எடை 73 கிலோவில் நின்றது. வாய்ப்புண் நான்காம் வாரத்தில் ஆறிவிட்டது.

அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விட்ட முதல் வாரங்களில் கடுமையான உணவுக் கட்டுப்பாடு வேண்டாம். வெறும் வயிறு சிகரெட் ஆசையைத் தூண்டும். இரண்டு போராட்டத்தை ஒரே மாதத்தில் எடுத்தால் இரண்டிலும் தோற்க நேரும். முதலில் புகை, எடை அதற்குப் பிறகு.

எவ்வளவு கூடும்?

பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான கணக்கின்படி, எந்த மருந்தும் இல்லாமல் விட்டவர்களுக்கு முதல் மாதம் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேலும், மூன்றாம் மாத முடிவில் ஏறத்தாழ மூன்று கிலோவும், ஒரு வருட முடிவில் நான்கரையிலிருந்து ஐந்து கிலோவுக்குள்ளும் எடை கூடியது. பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது. இது சராசரி மட்டுமே. ஆறில் ஒருவருக்கு எடை குறைந்திருந்தது. எட்டில் ஒருவருக்குப் பத்து கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. எனவே மாதம் ஒருமுறை எடை பார்ப்பது அவசியம், தினம் பார்த்துக் கவலைப்படுவது அனாவசியம். எடை கூடினாலும், விட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து புகையைத் தொடர்பவர்களைவிடக் குறைவாகவே இருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

பசியும் எடையும் பெரும் தடையாக இருப்பவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் ஒரு வழி. அதில் புகையும் தாரும் இல்லை, நிக்கோட்டின் மட்டும் கொஞ்சமாக இருக்கிறது. அது எடை கூடுவதைத் தள்ளிப்போடும், அதற்குள் மற்ற தவிப்புகள் அடங்கிவிடும். சாதாரண சூயிங்கம் போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் சுரீரென்று காரம் தெரியும் வரை மெல்ல மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் மறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். வேகமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். காபி, எலுமிச்சைச் சாறு குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

நோன்பில் விடுபவர்களுக்கு

ரமளானில் புகையை விடுபவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு இந்தப் பசி வேறு ஒழுங்கில் வரும். ஸஹரில் கடைசியாகப் பிடித்த சிகரெட்டின் நிக்கோட்டின், லுஹர் நேரத்துக்குள் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே புகைப்பவரும் நோன்பின் பிற்பகுதியை நிக்கோட்டின் இல்லாமல்தான் கழிக்கிறார். விட்டவருக்குப் பகல் பெரிதாக மாறாது. மாற்றம் தெரிவது இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில். முன்பு நோன்பு துறந்து நாலு வாய் கஞ்சி குடித்ததும் சிகரெட்டுக்கு எழுந்துபோனவர், இப்போது ஸஃப்ராவிலேயே உட்கார்ந்திருப்பார். முன்னால் வடையும் சமோசாவும் இருக்கும். இரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி, அதோடு எழுந்து மஃரிபுக்குப் போய்விட்டு வந்து சாப்பாட்டைத் தொடர்ந்தால், நிறைவுச் செய்தி மூளையைச் சேர அவகாசம் கிடைக்கும்.

பெருநாளுக்குப் பிறகு முதன்முறையாகப் பகல் பசி வரும். மாதம் முழுக்கச் சமாளித்தவர் ஷவ்வால் முதல் வாரத்தில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். பதினொரு மணிச் சுண்டலை அப்போதே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், விட்ட முதல் வாரங்களில் இரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். சாப்பாடு மாறுவதாலும் நிக்கோட்டின் நிற்பதாலும் மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரையும், மனநோய்க்கு குளோசப்பின், ஓலன்சப்பின் மாத்திரைகளும் எடுப்பவர்கள் விடும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கஃபீனைப் போலவே இவையும் புகை நின்றதும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும்.

வாய்ப்புண் ஐந்தில் இரண்டு பேருக்கு வருகிறது, பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆனால் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஆறில் ஒருவருக்கு மலச்சிக்கல் வரும். தண்ணீர், கீரை, கொய்யா போதும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனாலோ, மூன்று மாதம் ஆகியும் மணமும் ருசியும் சிறிதும் திரும்பாவிட்டாலோ, அதற்குப் புகையை விட்டது காரணமாக இருக்காது. வேறு காரணத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

விடும்போது பேசி ஆலோசனை பெற, மத்திய அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. அழைக்கும்போது எத்தனை சிகரெட் அல்லது பீடி பிடித்தீர்கள், எந்த நேரத்தில் பசி வருகிறது, எத்தனை டீ குடிக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதே தாளோடு நம் அலுவலகத்துக்கு வந்தாலும், அந்தத் துணிக்கடைச் சகோதரருக்குப் போட்ட கணக்கை உங்களுக்கும் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்